வயதுக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்

போன தை மாதம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர், மேடையில் தாய்மாமன் சீர்த்தட்டுகள், பந்தியில் நல்ல கூட்டம். என் பக்கத்து இலையில் மூன்றாவது படிக்கிற ஒரு சின்னப் பெண். "அக்காவுக்கு எதுக்கும்மா ஃபங்ஷன்?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"பெரிய பொண்ணாயிட்டா, அதான்."

"அப்படின்னா?"

"பேசாம சாப்பிடு. உனக்கு வரும்போது தெரியும்."

அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பதினொரு வயது இருக்கலாம். அவள் சாய்ந்து சின்னவள் காதில் ஏதோ சொன்னாள். சின்னவள் முகம் மாறிவிட்டது. அப்புறம் அவள் பாயசத்தைத் தொடவே இல்லை.

என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகப் பல வருடங்களாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ரத்தமா கொட்டும்." "அதுக்கப்புறம் விளையாட விடமாட்டாங்க." "பையன் கை பட்டா பாப்பா வந்துடும்." அம்மா சொல்லாமல் விட்ட இடத்தைத் தோழிகள் இப்படித்தான் நிரப்புகிறார்கள்.

நாம் செய்கிற முதல் தவறு, ரத்தம் படும் நாளைத் தொடக்கமாக நினைப்பது. உடம்பில் மாற்றம் தொடங்கி வெகுநாள் கழித்து வருவதுதான் முதல் மாதவிடாய். பெண் குழந்தைகளுக்கு மாற்றங்கள் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பெரும்பாலும் முதலில் தெரிவது மார்பக மொட்டு. காம்புக்கு அடியில் சின்னக் கோலிக்குண்டு போலத் தட்டுப்படும், அழுத்தினால் வலிக்கும். அது தெரிந்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே உள்ளாடையில் வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ கறை படியத் தொடங்கும். அரிப்போ கெட்ட வாடையோ இல்லையென்றால் அது நோயல்ல. ஆக, எப்போது பேசுவது என்பதற்கு வயதைவிட நல்ல கணக்கு உடம்பிலேயே இருக்கிறது. மொட்டு தெரிந்தால் பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். வெள்ளைக் கறை தெரிந்தால் நாப்கின் பையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலை நம்பி இருக்கவும் முடியாது. வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. அதற்குள் வகுப்பில் பல பெண்கள் வயதுக்கு வந்திருப்பார்கள்.

என் மகளுக்கு ஒன்பதரை வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, இங்க ஒரு பக்கம் மட்டும் கட்டி இருக்கு" என்றாள். குரல் நடுங்கியது. அவளுடைய பெரியம்மா மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த வருடம் அது. 'கட்டி' என்ற சொல்லை அவள் அங்கிருந்துதான் எடுத்திருந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரமாம். நான் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் அவள் பயந்துகொண்டே தூங்கியிருக்க வேண்டியதில்லை. "இது நோய்க் கட்டி இல்லடா. மார்பு வளர ஆரம்பிக்கும்போது இப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் முதல்ல வரும், இன்னொரு பக்கம் சில மாசம் கழிச்சு வரும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு" என்றேன். எண்ணெய் வைக்கிற கை நிற்கவில்லை, அவளும் திரும்பவில்லை. இந்த வயதில் முகத்துக்கு நேராக உட்கார வைத்துப் பேசினால் வாய் திறக்க மாட்டார்கள். தலை வாரும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, கொடியில் துணி காயப்போடும்போது தானாகவே கேட்பார்கள். அன்று அவ்வளவுதான் பேசினோம். மாதவிடாய் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பதும் ஒரு தவறுதான். முதல் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு குழந்தை கேட்பதை நிறுத்திவிடும்.

அடுத்த தவறு சொற்களில் இருக்கிறது. 'அந்த இடம்', 'அது', 'கீழே' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். தெருவில் வழங்கும் சொற்கள் எல்லாம் வசவாகிவிட்டதால் நமக்குக் கூச்சம். ஆனால் பாடநூல் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. யோனி, கருப்பை, ஆண்குறி, விதைப்பை என்று கணுக்கால், முழங்கை சொல்கிற அதே குரலில் சொல்லலாம். இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை வாய் கூசாது. பெயர் தெரியாததால் என்ன ஆகிறது என்று வகுப்பில் பார்த்திருக்கிறேன். சிறுநீர் வரும் வழியிலேயே ரத்தமும் வரும் என்று நினைத்து, "மிஸ், அடக்கிக்கிட்டா நிக்குமா?" என்று கேட்ட பெண்கள் உண்டு. சிறுநீர்த் துளை, யோனி, ஆசனவாய் என்று மூன்று வழிகள் தனித்தனியாக இருப்பதை ஒரு தாளில் வரைந்து காட்டினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மாதவிடாய் ரத்தத்தை நினைத்தபோது அடக்க முடியாது, அதனால்தான் நாப்கின் என்பதும் உடனே புரிந்துவிடும்.

'ரத்தம் வரும்' என்று மட்டும் சொல்லி அளவைச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. சண்டைப் படத்தில் பார்த்த ரத்தம்தான் குழந்தையின் மனதில் ஓடும். நான் என் மகளுக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காட்டினேன். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர், ஒரு டீஸ்பூன், ஒரு நாப்கின், அவளுடைய பழைய உள்ளாடை. ஒரு மாதவிடாயில் மொத்தமாகப் போவது பெரும்பாலும் ஆறேழு டீஸ்பூன், அதாவது 30 மில்லியைச் சுற்றித்தான். அது நான்கைந்து நாளில் பிரிந்து போகிறது. முதல் நாள் சில பேருக்குக் கறையாக, பழுப்பு நிறமாகக்கூட இருக்கும். ஒவ்வொரு டீஸ்பூனாக அவளே ஊற்றினாள். மூன்றாவது ஸ்பூனில், "இவ்ளோதானா?" என்றாள். பிறகு அந்த நாப்கினைப் பிரித்து, பின்பக்கத் தாளை உரித்து, பசை உள்ளாடையில் ஒட்டும்படி வைத்து, இறக்கைகளை மடித்து, உபயோகித்ததைச் சுருட்டித் தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுவது வரை செய்தாள். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பசைப் பக்கத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு வலியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவியை நான் பார்த்திருக்கிறேன். அவளிடம் நாப்கினைக் கையில் கொடுத்தவர்கள் உண்டு, எப்படி வைப்பது என்று காட்டியவர் யாரும் இல்லை. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கறை குறைவாக இருந்தாலும். முதல் ஓரிரு வருடம் மாதம் தவறாமல் வராது, இரண்டு வரவுக்கு நடுவே ஆறு வாரம்கூட ஆகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் அடுத்த மாதம் வராதபோது பயப்பட மாட்டாள்.

நான் மிகப் பெரிய தவறாக நினைப்பது வேறொன்று. உடம்பைப் பற்றிப் பேச எடுத்த அதே வாயால் தடை உத்தரவுகளையும் சேர்த்துச் சொல்வது. "இனிமே பசங்களோட விளையாடக் கூடாது", "சாமி ரூமுக்குப் போகாதே", "மானம் மரியாதை எல்லாம் உன் கையில". ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதில் கேட்பது ஒன்றுதான்: இது வந்தால் எனக்குத் தண்டனை. அப்புறம் விழா. மேடையில் ஊரே பார்க்க உட்கார்வது சில பெண்களுக்குச் சந்தோஷம், அதை நான் மறுக்கவில்லை. வேறு சிலர் அதை நினைத்தே முதல் கறையை மறைக்கிறார்கள். உள்ளாடையைத் துவைத்து, டிஷ்யூவை மடித்து வைத்து, இரண்டு மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் ஓட்டியவர்கள் என் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள். அதனால் நாள் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "வந்தா முதல்ல என்கிட்ட சொல்லு. உன்னைக் கேட்காம பாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டேன்." சொன்னால் அந்த வார்த்தையைக் காப்பாற்றியே ஆகவேண்டும். அத்தைக்குப் போன் போனது தெரிந்தால் அடுத்த விஷயத்துக்கு அவள் உங்களிடம் வரமாட்டாள்.

பையன்களிடம் யாருமே பேசுவதில்லை. அவர்களுக்கு விழா இல்லை, கறை இல்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் அவர்களுக்கும் தொடங்கிவிடுகிறது. முதல் அடையாளம் மீசையோ குரல் உடைவதோ அல்ல, விதைகள் பெரிதாவது. ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இந்த வளர்ச்சியின் நடுவில் மார்புக் காம்புக்கு அடியில் வீக்கம் வரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். இது தெரியாத பையன், நண்பன் கேலி செய்த நாளிலிருந்து கூன் போட்டு நடப்பான், நீச்சலுக்கு வரமாட்டேன் என்பான். தூக்கத்தில் விந்து வெளியாவதும் அப்படித்தான். காலையில் படுக்கை நனைந்திருந்தால் சிறுநீர் போய்விட்டோம் என்றோ, பெரிய வகுப்புப் பையன்கள் சொல்கிற மாதிரி 'உடம்பில் ரத்தம் குறைகிறது' என்றோ பயப்படுவான். நள்ளிரவு டிவியில் வரும் 'ஆண்மைக் குறைவு' விளம்பரங்கள் இந்தப் பயத்தில்தான் பிழைக்கின்றன. என் மகனுக்குப் பதினோரு வயதில் அவன் அப்பா பைக்கில் போகும்போது சொன்னார்: "சில நாள் தூங்கும்போது விந்து வெளியாகும்டா. வழவழன்னு இருக்கும். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. பெட்ஷீட்டை நீயே மெஷின்ல போட்டுடு, யாரும் கேட்க மாட்டோம்." அவன், "சரி" என்றான். அடுத்த சிக்னலில், "அப்பா, உங்களுக்கும் வந்துச்சா?" என்றான்.

மகள் படிப்பதைத் தம்பியும், தம்பிக்கு வருவதை அக்காவும் தெரிந்துகொள்ளலாம். என் வீட்டில் நாப்கின் வாங்கக் கடைக்குப் போவது பெரும்பாலும் மகன்தான். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றப் போனால், "வேண்டாம்ணே, அப்படியே குடுங்க" என்பான்.

எல்லாமே இயல்புதான் என்று சொல்லி டாக்டரிடம் போகாமல் இருப்பதும் சரியல்ல. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ, பையனுக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றங்கள் தொடங்கினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும், பையனுக்கு 14 வயதாகியும் எதுவுமே தெரியாவிட்டாலும் போக வேண்டும். மணிக்கொரு நாப்கின் நனைகிறது, ஏழு நாளுக்கு மேல் நிற்கவில்லை, வலியால் பள்ளிக்கே போக முடியவில்லை என்றால் 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் வந்தது. ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போய், மாற்றிக்கொண்டு, மறுபடி கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, பீட்ரூட் தண்ணி வந்துடுச்சு" என்றாள். யாருக்குச் சொல்லலாம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டிக்கு நானே போன் பண்றேன்" என்றாள்.