எலும்பு சிக்கவில்லை, இருமல்தான்: கென்னல் காஃபில் வீட்டார் செய்யும் தவறுகள்

பொங்கல் விடுமுறை முடிந்து பத்து நாளுக்குள் எங்கள் கிளினிக்கில் ஒரே முறையீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: “டாக்டர், தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது.” ஊருக்குப் போகும்போது நாயை விடுதியில் விட்டுவிட்டுப் போனவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். மிளகு என்ற மூன்று வயதுக் கறுப்பு லாப்ரடாரும் அப்படித்தான் வந்தது. ஆறு நாள் விடுதியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியது. வியாழன் இரவு திடீரென்று கழுத்தை நீட்டிக்கொண்டு, வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல். நாலைந்து முறை இருமியதும் குமட்டி, கொஞ்சம் வெள்ளை நுரையைத் துப்பியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டது.

வீட்டுப் பையன் எலும்பை எடுக்கத் தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறான். இதைத்தான் முதலில் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கடி வாங்குவது மட்டும் பிரச்சினை இல்லை. வெறிநோயின் ஒரு வகையிலும் நாய் விழுங்க முடியாமல், தாடை தொங்கி, எச்சில் ஒழுக, எலும்பு சிக்கியதுபோலவே தெரியும். தடுப்பூசிக் கணக்கு சரியாகத் தெரியாத நாயின் வாய்க்குள் கையை விடவே கூடாது. உண்மையிலேயே ஏதாவது சிக்கியிருந்தால் நாய் ஓயாமல் முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் வடிக்கும், சாப்பாட்டை நெருங்காது. நாய்க்கு நாய் தொற்றும் மூச்சுக்குழாய் இருமல் நோயான கென்னல் காஃப் வந்த நாய் இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே இயல்பாக இருக்கும். மேசைமேல் ஏற்றி மூச்சுக்குழாயை வெளியிலிருந்து மெல்ல அழுத்தினேன், உடனே அதே வாத்துச் சத்தம். இது மட்டுமே நோயை உறுதிப்படுத்திவிடாது. ஆனால் ஐந்து நாள் முன்பு விடுதி என்ற தகவலும் சேரும்போது பெரிய சந்தேகம் இருக்காது.

“விடுதியில் இருந்தபோது நன்றாகத்தானே இருந்தது?” என்று வீட்டம்மா கேட்டார். இருந்திருக்கும். கிருமி உள்ளே போய் இருமல் வெளியே வர இரண்டு நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். இதில் குற்றவாளி ஒரே கிருமியும் அல்ல. பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ போன்ற வைரஸ்களும், போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும், மைகோபிளாஸ்மாவும் தனியாகவோ கூட்டாகவோ வரும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. போர்டெடெல்லா அந்த இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை அசையவிடாமல் செய்துவிடுகிறது. துடைப்பம் நின்ற வீட்டில் குப்பை சேர்வதுபோல, அங்கே மற்றக் கிருமிகளும் எளிதாகத் தங்கிவிடுகின்றன.

மிளகு விஷயத்தில் பெரிய தவறு புதன்கிழமையே நடந்துவிட்டது. ‘ஆறு நாள் அடைந்து கிடந்ததே’ என்று இரக்கப்பட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பொதுத் தண்ணீர்க் கிண்ணம். திரும்பி வந்து கீழ்வீட்டு மூன்று மாத பக் குட்டியோடு மூக்கோடு மூக்கு உரசல். இருமல் தொடங்குவதற்கு முன்பே நாய் கிருமியை வெளியே விடத் தொடங்கிவிடும். இருமும்போது தெறிக்கும் துளி, கிண்ணம், பொம்மை, தடவிக்கொடுத்த கை, எல்லாமே வழிதான். விடுதியிலிருந்து வந்த நாயை இரண்டு வாரம் மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வைத்திருந்தால் இந்தக் கதை மேல்மாடியோடு முடிந்திருக்கும்.

மிளகுக்கு உடல் சூடு 101.8 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 102.5 வரை இயல்புதான். மனிதக் கணக்கில் பார்த்துக் காய்ச்சல் என்று பதற வேண்டாம். நுரையீரலில் சத்தம் சுத்தமாக இருந்தது, பசியும் குறையவில்லை. ஆண்டிபயாட்டிக் எழுதவில்லை. மாத்திரை எழுதாத டாக்டரை யாருக்கும் பிடிப்பதில்லை என்பது தெரியும். ஆனால் வளர்ந்த, தெம்பாக இருக்கும் நாய்க்கு இது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸ் போடச் சொன்னேன், பட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் புண்ணான மூச்சுக்குழாய் அழுந்தி இருமலைக் கிளப்பும். ஓட்டம், பந்து விளையாட்டு வேண்டாம். சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை பக்கமே வேண்டாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த அறையில் பத்து நிமிடம் நாயோடு உட்கார்ந்திருங்கள் என்றேன். கொதிநீர்ப் பாத்திரத்தில் முகத்தைப் பிடிப்பது அல்ல, தைலம் கலப்பதும் அல்ல. கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் நக்கினால் நாய்க்கு நஞ்சு.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடக்கூடும். சர்க்கரை இல்லாத இருமல் சிரப்புகள் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். இரவெல்லாம் தூங்கவிடாத வறட்டு இருமலுக்கு அடக்கும் மருந்து உண்டு, அதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். சளி கட்டிய நெஞ்சில் இருமலை அடக்கினால் வெளியே வர வேண்டியது உள்ளேயே தங்கிவிடும்.

ஒரு வாரம் கழித்து கீழ்வீட்டுப் பக் குட்டி வந்தது. “மிளகுக்கு மருந்தே தரவில்லையாம், தானாகச் சரியாகிவிடும் என்றார்களாம்” என்று மூன்று நாள் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு நாய்க்குச் சொன்னதை இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டது, குட்டியை ஏறக்குறையக் கொன்றுவிட்டது. சூடு 104. மூக்கில் மஞ்சள் சளி. தூங்கும்போது நிமிடத்துக்கு 52 மூச்சு, அதுவும் வயிறு ஏறி இறங்க. படுத்திருக்கும் நாயின் மூச்சு 30க்குள் இருக்க வேண்டும், 40ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் நிமோனியா. இதற்கு ஆண்டிபயாட்டிக் தேவை, ஆக்சிஜனும் நெபுலைசரும் தேவை, நான்கு நாள் உள்நோயாளியாகவும் இருந்தது. குட்டி, முதிய நாய், பக் போன்ற சப்பை மூக்கு நாய் ஆகியவற்றுக்கு ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்பது பொருந்தாது. தடுப்பூசி முடியாத குட்டி என்றால் டிஸ்டெம்பர் என்ற கடும் வைரஸ் நோயையும் பார்க்க வேண்டும். கண்ணில் பீளை, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு சேர்ந்தால் அது டிஸ்டெம்பராக இருக்கலாம். வயதான பொமரேனியன் மாதக்கணக்கில் இருமினால் விடுதியைக் குறை சொல்லாமல் இதயத்தையும் மூச்சுக்குழாயையும் பரிசோதியுங்கள்.

லேசான நோயில் மருந்து தேவைப்பட்டால் வழக்கமாக டாக்சிசைக்ளின் எழுதுவோம். அதை வெறும் தொண்டையில் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்றோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வையுங்கள். இருமல் குறைந்ததும் நாமே நிறுத்திவிடக் கூடாது.

பன்னிரண்டாம் நாள் மிளகு இருமவில்லை. மறுநாளே பூங்காவுக்குப் போகலாமா என்று போன் வந்தது. போர்டெடெல்லா சில நாய்களில் இருமல் நின்ற பிறகும் வாரக்கணக்கில், சமயத்தில் இரண்டு மூன்று மாதம்கூட, வெளியேறிக்கொண்டிருக்கும். குறைந்தது இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

“ஒன்பது நோய்க்கான தடுப்பூசி போட்டிருக்கிறோமே” என்று கோப்பைக் காட்டினார்கள். வருடாந்தரக் கூட்டு ஊசியில் அடினோவும் பாராஇன்ஃப்ளூயன்சாவும் இருக்கும், போர்டெடெல்லா பொதுவாக இருக்காது. அதற்குத் தனி மருந்து. மூக்கில் விடும் சொட்டு மூன்று நாளில் வேலையைத் தொடங்கும், ஆனாலும் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுவது நல்லது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி என்பதால், ஆண்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் வீண். ஊசி வகை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு தவணை. போட்ட நாய்க்கும் இருமல் வரலாம், ஆனால் லேசாகப் போய்விடும். விடுதிக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து ‘போட்டுவிடுங்கள்’ என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் அன்றே நாய்க்கும் தேதி வாங்கிவிடுங்கள்.