பறையா, உறுமியா, உடுக்கையா? அரை நிமிடத் திருவிழாப் பதிவில் பிரித்துக் கேட்கும் முறை

திருவிழாக் கூட்டத்துக்குள் நின்று ஃபோனில் எடுத்த வீடியோவைப் பிறகு கேட்டால், எல்லாமே ஒரே மேளச் சத்தமாகத்தான் தெரியும். அதைப் பிரித்துக் கேட்க ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்: சத்தம் இழுபடுகிறதா? அதாவது, அடி விழுந்த பிறகு சுருதி அதே இடத்தில் நிற்கிறதா, இல்லை மேலும் கீழும் போகிறதா? பறையில் நிற்கும். உறுமியிலும் உடுக்கையிலும் இழுபடும், ஆனால் இழுபடும் விதம் வேறு. இந்தப் பதிவு முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

படி 1: நல்ல ஒலியைக் கையில் எடுங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோ சுருக்கப்பட்டு வரும். எடுத்தவரிடம் அதையே Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு கணினியில் ffmpeg என்ற கருவியின் இந்தக் கட்டளையால் வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுங்கள்:

```
ffmpeg -i vizha.mp4 -vn -ac 1 -ar 44100 vizha.wav
```

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதில் கீழ்ச்சுருதி சரியாக வராது, உறுமியின் அடிக்குரல் அங்கேயே காணாமல் போய்விடும். ஹெட்ஃபோன் கட்டாயம்.

படி 2: முதலில் பறையைக் கண்டுபிடியுங்கள்

கூட்டத்தில் பறைதான் முந்திக்கொண்டு கேட்கும், அதனால் அதிலிருந்து ஆரம்பிப்பது சுலபம். வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல். ஒரு கையில் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. தடித்த குச்சி விழும்போது 'டண்' என்று வயிறு உள்ள சத்தம் வரும். மெல்லிய குச்சி தோலின் குறுக்கே படியும்போது சுளீரென்று ஒரு வெடிப்பு வரும். இரண்டும் மாறிமாறி வருவதுதான் பறையின் அடையாளம். ஒவ்வொரு அடியும் சட்டென்று தொடங்கி, சட்டென்று அடங்கிவிடும். நடுவில் எதுவும் இழுபடாது.

ஒரு எச்சரிக்கை. பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். நேரம் போகப்போக, குறிப்பாகப் பனி இறங்கும் இரவில், தோல் தளர்ந்து சத்தம் 'பொத்' என்றாகிவிடும். மெல்லிய குச்சியின் வெடிப்பும் மங்கும். அப்படிப்பட்ட பதிவைத் தவில் என்று நினைத்துவிடுவது ரொம்பச் சுலபம். அப்போது அடியின் ஓட்டத்தைக் கவனியுங்கள். பறைக்குழு ஒரே அடியைத் திரும்பத்திரும்ப, எல்லோரும் சேர்ந்து அடிக்கும். தவிலில் ஒரு கையில் குச்சி, மறு கை விரல்களில் கூடு. அந்த விரல் பக்கத்திலிருந்து பொடிப்பொடியாக வேகச் சொற்கட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

படி 3: உறுமியைத் தேடுங்கள்

உறுமிக்கு இரண்டு முகம், நடுவில் ஒடுங்கிய உடல். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி உரசுவார்கள். அந்த உரசலில்தான் 'ஊம்ம்' என்ற உறுமல் பிறக்கிறது. பூம்பூம் மாட்டுக்காரரின் மேளத்தைக் கேட்டிருந்தால் இந்தக் குரல் உங்களுக்குப் பழக்கமானதுதான்.

உரசலில் பிறப்பதால் இதற்கு அடித்த தொடக்கம் கிடையாது. அடங்கிய குரலில் ஆரம்பித்து, அழுத்தம் கூடக்கூட மேலே ஏறி, பிறகு விடும்.

இங்கேதான் ஃபோன் நம்மை ஏமாற்றும். பெரிய சத்தம் வந்ததும் ஃபோன் தானாகவே ஒலியளவைக் குறைத்துவிட்டு, பிறகு மெல்ல ஏற்றும். பறை அடி ஒன்று பலமாக விழுந்த பிறகு பின்னணி இரைச்சல் 'ஊ...' என்று வீங்கி வரும்; அதை உறுமி என்று குறித்துவிடுவோம். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த நேரத்தில் கூட்டத்தின் பேச்சுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். அதுவும் சேர்ந்து ஏறினால் அது ஃபோனின் வேலை. பேச்சு அப்படியே இருக்க, உறுமல் மட்டும் ஏறினால், அதுவும் சுருதியில் ஏறினால், அது உறுமி.

படி 4: உடுக்கைக்கு வேகத்தைக் குறையுங்கள்

உடுக்கை கைக்குள் அடங்கும் சின்னக் கருவி. ஒரு கை நடு இடுப்பைப் பிடித்திருக்கும், மறு கை விரல்கள் முகத்தில் தட்டும். பிடித்த கை அங்குள்ள கயிறுகளை இறுக்கினால் தோல் விறைத்து, சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அதனால் உடுக்கையில் முதலில் ஒரு தட்டு கேட்கும், அந்தத் தட்டின் வால்தான் வளையும். உறுமியில் தட்டே இல்லாமல் வளைவு வரும். இந்த ஒரு வித்தியாசத்தை மறக்கவே கூடாது.

சாதாரண வேகத்தில் இது பிடிபடாது. Audacity என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அந்த wav கோப்பைத் திறந்து, சந்தேகமான இடத்தைத் தேர்ந்தெடுத்து, Effect பட்டியலில் Change Tempo மூலம் −50 வையுங்கள். Change Speed வேண்டாம், அது சுருதியையும் இறக்கிவிடும். அப்புறம் டிராக்கின் பார்வையை, எந்த நேரத்தில் எந்தச் சுருதி என்று படமாகக் காட்டும் Spectrogram ஆக மாற்றுங்கள். பறை அடிகள் செங்குத்துக் கோடுகளாக நிற்கும். உறுமி, கோடு இல்லாமல் சாய்ந்து ஏறும் பட்டையாகத் தெரியும். உடுக்கையில் சின்னக் கோடும் அதை ஒட்டி ஒரு வளைந்த வாலும் இருக்கும்.

உடுக்கைக்குச் சூழலும் உதவும். அம்மன் கோயிலில் பம்பை, கைச்சிலம்போடு சாமி அழைக்கும்போதும், கொங்குப் பகுதியில் அண்ணன்மார் கதை பாடும்போதும் அதைக் கேட்கலாம். பெரும்பாலும் பாடும் குரல் பக்கத்திலேயே இருக்கும். பறைக்குழு முழங்கும் இடத்தில் உடுக்கை தெளிவாகக் கேட்பது அபூர்வம். கேட்டதாகத் தோன்றினால் இன்னொரு முறை சந்தேகப்படுங்கள்.

ஒரு பதிவை எடுத்துப் பார்ப்போம்

மாரியம்மன் ஊர்வலம், 28 விநாடி. முதல் 6 விநாடியில் 'டண்'ணும் வெடிப்பும் மாறிமாறி, செங்குத்துக் கோடுகள் நெருக்கமாக. சந்தேகமே இல்லை, பறை.

7வது விநாடியில் 'ஊம்ம்' வருகிறது. பக்கத்தில் ஒருவர் 'தள்ளி நில்லுப்பா' என்கிறார், அந்தக் குரலின் அளவு மாறவில்லை. உறுமல் மட்டும் சாய்வாக ஏறுகிறது, தொடக்கத்தில் கோடு இல்லை. உறுமி.

19வது விநாடியில் மெல்லியதாக, உயர்ந்த சுருதியில் ஏதோ வளைகிறது. கேட்டதும் உடுக்கை என்றுதான் தோன்றும். பாதி வேகத்தில் கேட்டால் வளைவுக்கு முன்னால் தட்டு இல்லை. ஒரே தொடர்ச்சியாக நடுங்குகிறது. பெண்கள் போடும் குலவை! கூடவே கேட்கும் சின்னத் தட்டுகளைப் பறை மூடிவிட்டதால், அவை உடுக்கைதானா என்று இந்த ஒலியை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிடாமல், விநாடிக் கணக்கு மாறாதிருக்க முதலில் Change Tempo-வை Undo செய்துவிட்டு, Ctrl+B அழுத்தி 'உடுக்கை?' என்று கேள்விக்குறியோடு லேபிள் போடுங்கள். பிறகு அதே விநாடியில் வீடியோவை நிறுத்திக் கைகளைத் தேடுங்கள். இடுப்பளவில் தொங்கும் கருவியில் குச்சி உரசினால் உறுமி, ஒரு கைப்பிடிக்குள் இருப்பதை விரல் தட்டினால் உடுக்கை. படத்தில் கருவி இல்லை என்றால் கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும்.