பாதுகாப்புக் காலணியை மாலையில் அளந்து வாங்குங்கள்

கட்டுமானத் தளத்தில் அணியும் பாதுகாப்புக் காலணியை, வேலை முடிந்த மாலையில், வேலைக்குப் போடும் அதே தடித்த காலுறையுடன் அளந்து வாங்குங்கள். கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு படியில் இறங்கும்போது கால்விரல் நுனி காலணியின் கடினமான முன்மூடியில் இடிக்கக் கூடாது.

சிங்கப்பூர் வெயிலில் நாள் முழுவதும் நின்றால் பாதம் சற்று வீங்கும். தோல் நாளடைவில் நெகிழ்ந்து கொடுத்தாலும், விரல்களைக் காக்கும் முன்மூடி இம்மியும் விரியாது. அதே பாதுகாப்பைத் தர, உலோகமல்லாத கலவை மூடி பொதுவாக எஃகு மூடியைவிடத் தடிமனாகச் செய்யப்படுவதால், எஃகு மூடியில் 8ஆம் அளவு பொருந்தியவருக்குக் கலவை மூடியில் அதே அளவு இறுக்கமாக இருக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

முன்மூடி உள்ளங்காலைக் காக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பலகையடைப்பைப் பிரிக்கும் இடத்தில் ஆணிகள் மேல்நோக்கிக் கிடக்கும் என்பதால், காலணியின் நாக்கில் பாதுகாப்புக் குறியீடு S1 என்று மட்டும் இருந்தால் விட்டுவிட்டு, ஆணி துளைக்காத தகடு கொண்ட S1P அல்லது, ஈரத்தையும் தடுக்க, S3 எனக் குறித்ததைத் தேர்ந்தெடுங்கள்.

மின்கம்பிப் பணிக்கு இந்தக் குறிப்புப் போதாது; அதற்கு மின்காப்புக் குறியீடுள்ள காலணி தனியாக வேண்டும். கனமான பொருள் விழுந்து மூடி அடிபட்ட காலணி, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றப்பட வேண்டியதே.