புதினாவைத் தண்ணீரில் எவ்வளவு நாள் வைக்கலாம்?

சிறிய அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் கீரை வளர்க்க நினைத்தால், புதினாத் தண்டிலிருந்து தொடங்குவதே எளிது. சுமார் 12 செ.மீ. நீளமுள்ள தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ள பாட்டிலில் நிறுத்தி, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்தால், ஒன்றிரண்டு வாரங்களில் கணுக்களிலிருந்து வெண்ணிற வேர்கள் இறங்கும்.

இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது அவசியம். தேங்கிய நீரில் பிராணவாயு குறைந்து வேர் பழுப்பாகிக் கொழகொழத்து நாற்றமடிக்கும். பாட்டிலைச் சுற்றிக் காகிதம் ஒட்டினால் பாசி படியாது.

ஆனால் வெறும் தண்ணீரில் தழைச்சத்து ஏறக்குறைய இல்லை என்பதால், தண்டில் சேமித்திருந்த சத்து தீர்ந்ததும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், புதிய இலைகள் சிறுத்துப்போகும். தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது.

ஆகவே வேர் 5 செ.மீ. எட்டியதும், அடியில் நான்கைந்து துளையிட்ட பாட்டிலில் இரண்டு பங்கு மண்ணும் ஒரு பங்கு மட்கிய உரமும் கலந்து நட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. நீரில் வளர்ந்த வேர் மென்மையானது என்பதால், முதல் வாரம் மண்ணை ஈரமாகவே வைத்து, கடும் வெயிலைத் தவிர்க்க வேண்டும். விதையிலிருந்து வளரும் தண்டுக்கீரை, பாலக் போன்றவற்றை நேரடியாக மண்ணிலேயே விதைக்கலாம்.