முதல் பக்கத்திலேயே பிணம்: திகில் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுவான்கரைத் தம்பி ஒருவர் தன் திகில் நாவலின் கைப்பிரதியை வாசிக்கத் தந்தார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயலும் காடுமாகக் கிடக்கிற ஊர். தை மாதம், கதிர் முற்றுகிற நேரம். யானைக் காவலுக்கு வயல்வெளியான வட்டைக்குப் போன கணவன், வீட்டில் தனியாக மனைவி. பயம் தானாக முளைக்கிற நிலம்தான். ஆனால் முதல் பக்கத்திலேயே அவன் தலையில்லாமல் வரம்பில் கிடக்கிறான். குடல், இரத்தம், ஈ எல்லாம் அரைப் பக்கத்துக்கு வருகின்றன. எனக்கு அருவருத்தது; பயம் வரவில்லை.

அருவருப்பையும் பயத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. திகில் எழுத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஆன் ராட்கிளிஃப் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர் இறந்த பின் 1826இல் வெளிவந்தது. ஒருவகை அச்சம் மனதை விரித்து விழிக்க வைக்கிறது, இன்னொன்று அதைச் சுருக்கி உறைய வைக்கிறது என்று அதில் பிரித்துச் சொல்கிறார். பிணம் இரண்டாம் வகை. அது நடந்து முடிந்த காரியம். அதற்குமேல் வாசகர் ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. அடுத்த பிணம் இதைவிடக் கோரமாக இருந்தால்தான் எடுபடும். ஐந்தாவது பிணத்தில் வாசகர் வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்.

“காட்டாம எழுதிப் பாருங்க தம்பி” என்றேன். இரண்டாவது பிரதியில் அவர் எதிர்ப்பக்கம் போய் விழுந்திருந்தார். ‘ஏதோ ஒன்று’, ‘இனம்புரியாத அச்சம்’, ‘அமானுஷ்யமான அமைதி’ என்று பக்கம் முழுக்கப் புகைமூட்டம். குறிப்பால் உணர்த்துவதும் மங்கலாக எழுதுவதும் ஒன்றல்ல. குறிப்பு வேலை செய்ய, சாதாரணமான ஒன்றை வாசகர் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்புறம் அதில் ஒன்று குறைய வேண்டும்.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து ஒரு காட்சியை இப்படித் திருத்தினோம். இரண்டாம் அத்தியாயத்தில் கணவன் வட்டையிலிருந்து வீடு திரும்புகிறான். சைக்கிள் ஸ்டாண்ட் ‘டக்’ என்று விழும். கிணற்றடியில் வாளி இறங்கும், கால் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பிறகுதான் “கதவத் திற புள்ள” என்பான். இதில் பயமுறுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. நான்காம் அத்தியாயத்தில் இதே வரிசை இன்னொரு முறை, ஒரே வாக்கியத்தில் போய்விடுகிறது. இப்போது வாசகரின் காதும் பழகிவிட்டது.

ஆறாம் அத்தியாயத்தில், நடுச்சாமத்தில், “கதவத் திற புள்ள” என்ற குரல் மட்டும் கேட்கிறது.

இந்த இடத்தில் அவர் “அது தன் கணவனின் குரல் அல்ல என்று அவளுக்குப் புரிந்தது” என்று எழுதியிருந்தார். அந்த வரியை வெட்டச் சொன்னேன். சாதாரண விளக்கத்துக்கான கதவை எழுதுகிறவரே அடைத்துவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். யானை நின்றிருக்கும், சைக்கிளை வாடிக் குடிலில் விட்டுவிட்டு நடந்து வந்திருப்பார் என்று அவள் நினைக்கட்டும். படுவான்கரையில் அது முழுக்க நியாயமான எண்ணம். வாசகரும் பாதி நம்புவார். அவள் கதவைத் திறக்கிறாள், குப்பி விளக்கைத் தாழ்த்திப் பிடிக்கிறாள். வட்டையெல்லாம் சேறாகக் கிடக்கிற மாதம், ஆனால் அவன் கால்கள் சுத்தமாக இருக்கின்றன. கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கவில்லை என்று நாம் சொல்லத் தேவையில்லை. அதை வாசகரே நினைத்துக்கொள்வார். தானே கண்டுபிடித்த பயத்தை அவரால் எளிதில் உதற முடியாது. முகத்தை இப்போது காட்டவே கூடாது.

ஊர்ப் பேரை நம்பி எழுதுவதும் ஒரு சிக்கல். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பேச்சைக் கேட்காத இலங்கைத் தமிழர் குறைவு. அதையே எடுத்து வைத்தால் வாசகர் சிரிப்பார். வெட்டிய எலுமிச்சம்பழம், நாய் ஊளை, ஆந்தை எல்லாமே இந்தக் கதிதான்.

அதற்காகக் கடைசிவரை எதையுமே காட்டாமல் இழுத்தடிக்கவும் முடியாது. மூன்று குறிப்பு கொடுத்து மூன்றும் வெறும் பூனையென்று முடிந்தால், நான்காவதை யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு குறிப்பும் கதையில் எதையாவது திரும்பி வராதபடி மாற்ற வேண்டும். இங்கே அவள் கதவைத் திறந்துவிட்டாள், வந்தவன் உள்ளே இருக்கிறான். கோரமும் முழுக்க விலக்கல்ல. அந்தத் தலையில்லாத உடல் இப்போது கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில், மூன்றே வரியில் வருகிறது. வரம்பில் பக்கத்தில் சைக்கிளும் கிடக்கிறது. அப்படியானால் இத்தனை நாளாக வீட்டில் சாப்பிட்டது யார் என்ற கேள்வி வாசகருக்கு எழுவதால், அந்த மூன்று வரியே போதுமாக இருக்கிறது.

ஆறாம் அத்தியாயம் இப்போது அவள் “சைக்கிள் எங்க?” என்று கேட்பதோடு முடிகிறது. அவன் சொல்லும் பதிலைத்தான் தம்பி இன்னும் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறார்.