சந்தேகத்தை ஒரு எண்ணோடு கேளுங்கள்
வகுப்பில் கேட்கக் கூச்சமா? எந்த வரி, எந்த எண் என்று நோட்டில் எழுதி, அதையே வாசித்துவிடுங்கள்.

பதினோராம் வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி. பலகையில் -2x < 6 என்ற கணக்கு x < -3 என்று முடிந்திருந்தது. அவளுக்கு எங்கேயோ இடித்தது. நோட்டின் ஓரத்தில் x = 0 போட்டுப் பார்த்தாள். 0 < 6 சரிதான், ஆனால் விடைக்குள் 0 வரவில்லை.

“சார், கடைசி வரியில 0 ஒத்து வரலையே?”

சார் பலகையைப் பார்த்தார். குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்ப வேண்டும். x > -3 என்று திருத்தினார். அப்புறம் பாதி வகுப்பு ரப்பரைத் தேடியது.

ஒரு எண் பொருந்தினால் மட்டும் விடை சரியென்று ஆகாது. பொருந்தாவிட்டால் தவறு நிச்சயம், தைரியமாகக் கேட்கலாம்.