ஓடைப் பம்புக்கு நீளக் கேபிள்: டிரைவ் வைத்த மோட்டாரில் பேரிங் போவது ஏன், எந்த ஃபில்டர் போடலாம்?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் அடிக்கடி பார்க்கும் அமைப்பு இது. பள்ளத்தில் ஓடை, அதன் கரையில் 15 கிலோவாட் பம்பு மோட்டார். அதை ஓட்டும் வி.எஃப்.டி. டிரைவ் மேலே தொழிற்சாலை பேனலில் இருக்கும். நடுவில் சரிவில் இறங்கும் கேபிள் 130 மீட்டர். டிரைவ் போட்டுச் சில மாதங்களில் பேரிங் இரைய ஆரம்பிக்கும். மாற்றினால் மறுபடியும் அதே கதை. "பேரிங் டூப்ளிகேட் சார்" என்று பழி கடைக்காரர் மேல் விழும். இந்த 130 மீட்டர் அமைப்பையே உதாரணமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கழற்றிய பேரிங்கை அறுத்துப் பாருங்கள்

பழைய பேரிங்கைக் குப்பையில் போடாதீர்கள். வெளி வளையத்தை அறுத்து, கிரீஸைத் துடைத்துவிட்டு, உருளை ஓடும் பாதையைப் பாருங்கள். பாதைக்குக் குறுக்கே நெருக்கமான கோடுகள், வாஷ்போர்டு மாதிரி வரிவரியாக இருந்து, கிரீஸும் கருகிக் கறுத்திருந்தால் அது மின்சாரம் செய்த வேலை. உருளைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு ஒன்றாகத் தள்ளித்தள்ளிப் பள்ளம் இருந்தால் கதை வேறு: மோட்டார் நின்றிருக்கும்போது பக்கத்து அதிர்வு தாக்கியிருக்கிறது. அதற்கு இந்தப் பதிவு உதவாது.

மின்சாரம் பேரிங்குக்குள் எப்படி வருகிறது? நேரடி சப்ளையில் மூன்று ஃபேஸையும் கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யம் வரும். டிரைவ் வெளியே அனுப்புவது துண்டு துண்டான பல்ஸ்கள் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை பூஜ்யம் ஆகாது. நொடிக்குப் பல ஆயிரம் தடவை படிப்படியாகத் தாவும். இதைத்தான் காமன் மோடு வோல்டேஜ் என்கிறார்கள். வைண்டிங்குக்கும் ரோட்டாருக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி ஒரு சிறு கெபாசிட்டர். அதன் வழியாக ஷாஃப்டில் வோல்டேஜ் ஏறுகிறது. பேரிங்கின் கிரீஸ் படலம் ஓரளவுதான் தாங்கும். தாங்காதபோது பொறி பாய்ந்து உலோகத்தில் நுண்ணிய குழி விழும். அந்தக் குழிகள் சேர்ந்துதான் வரிகள் ஆகின்றன.

படி 2: கேபிள் நீளத்தைக் கணக்குப் போடுங்கள்

நீளக் கேபிளால் வருவது தனி நோய், தாக்குவது வைண்டிங்கை. டிரைவின் பல்ஸ் ஏறும் நேரம் 0.1 முதல் 0.2 மைக்ரோ செகண்ட் இருக்கும். கேபிளுக்குள் அலை ஒரு மைக்ரோ செகண்டில் ஏறக்குறைய 150 மீட்டர் போகும். மோட்டாரில் மோதித் திரும்பும்போது வந்த அலையும் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

```
DC பஸ்        = 415 × 1.41 ≈ 585 V
மோட்டாரில் உச்சம் ≈ 2 × 585 = 1170 V
நீள எல்லை     = 150 × 0.2 / 2 = 15 m
```

ஆக, 15 மீட்டரைத் தாண்டினாலே உச்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். 130 மீட்டரில் சந்தேகமே வேண்டாம். டிரைவுக்கென்று செய்யப்படாத சாதாரண மோட்டாருக்கு 1000 வோல்ட் உச்சம் என்பதுதான் வழக்கமான எல்லை. மலைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், காற்று மெலிவு. அதனால் வைண்டிங்கில் இன்சுலேஷனை அரிக்கும் பார்ஷியல் டிஸ்சார்ஜ் சமவெளியில் தொடங்குவதைவிடக் குறைந்த வோல்டேஜிலேயே தொடங்கிவிடும்.

டிரைவ் கையேட்டில் "அதிகபட்சக் கேபிள் நீளம்" என்று ஒரு எண் இருக்கும். பலர் அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் டிரைவ் டிரிப் ஆகாமல் ஓட்டக்கூடிய நீளம். மோட்டார் தாங்கும் நீளம் அல்ல.

படி 3: எர்த்தைச் சரிசெய்யுங்கள்

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது. நம் உதாரணத்தில் பம்பின் ஜி.ஐ. பைப் ஓடைத் தண்ணீரில் நிற்கிறது, அருமையான எர்த். மோட்டார் பாடிக்கோ மேலேயிருந்து வரும் ஒரு மெல்லிய ஜி.ஐ. கம்பி, பனியில் துருப்பிடித்த நட்டோடு. அதிவேகக் கரண்ட் எது சுலபமோ அந்த வழியைத்தான் பிடிக்கும்: மோட்டார் பாடி, பேரிங், ஷாஃப்ட், கப்ளிங், பம்பு, தண்ணீர். பம்பு பேரிங்கும் சேர்ந்தே போகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சப்ளையை நிறுத்தி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, DC பஸ் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். மோட்டார் பாடியையும் பம்பு பேஸையும் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் பட்டையான செம்புப் பின்னலால் இணையுங்கள். உருண்டைக் கம்பியைவிட அதிவேகக் கரண்டுக்குப் பட்டைதான் நல்லது. கேபிள் மாற்ற வசதி இருந்தால் ஷீல்டு உள்ள கேபிளாகப் போட்டு, ஷீல்டை இரண்டு முனையிலும் கிளாண்டில் சுற்றிலும் பிடியுங்கள். முறுக்கி ஒரு வாலாக இழுத்துக் கட்டினால் பாதிப் பயன் போய்விடும்.

இன்னொன்று: மெகர் வைக்கும் முன் டிரைவிலிருந்து மோட்டார் வயர்களைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் டிரைவின் அவுட்புட் பழுதாகிவிடும்.

படி 4: ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கேள்வி, டிரைவையே கீழே கொண்டுபோக முடியுமா? டிரைவுக்கு வரும் சப்ளை கேபிள் நீளமானால் இந்த உச்ச வோல்டேஜ் சிக்கல் இல்லை. ஆனால் ஓடைக்கரையில் ஈரம், மழைக்கால வெள்ளம், உரசிப் போகும் காட்டெருமை என்று எல்லாம் இருக்கிறது. எனவே மேலேயே இருக்கட்டும்.

அவுட்புட் ரியாக்டர்தான் மலிவு. பல்ஸைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்; சில பத்து மீட்டர் நீளத்துக்குச் சரி. 130 மீட்டருக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

dv/dt ஃபில்டர் பல்ஸின் ஏற்றத்தை நன்றாகச் சாய்த்து, மோட்டார் முனையில் உச்சத்தைச் சாதாரணமாக 1000 வோல்ட் பக்கத்தில் கட்டுப்படுத்தும். பல தயாரிப்புகள் 150 முதல் 300 மீட்டர் வரை இதை அனுமதிக்கின்றன. நம் பம்புக்கு இதுதான் என் தேர்வு.

சைன் ஃபில்டர் போட்டால் ஃபேஸுக்கு ஃபேஸ் கிட்டத்தட்ட முழு சைன் அலை கிடைக்கும். பல நூறு மீட்டர் ஓட்டத்துக்கும், வைண்டிங் பலவீனமான பழைய மோட்டாருக்கும் இது தேவை. விலையும் எடையும் அதிகம். முழு வேகத்தில் சில சதவீத வோல்டேஜையும் தின்றுவிடும். டிரைவின் சுவிட்சிங் ஃப்ரீக்வென்சியை ஃபில்டர் சொல்லும் அளவுக்குக் கீழே இறக்கவும் கூடாது. இறக்கினால் ஃபில்டர் சூடேறும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண சைன் ஃபில்டர்கூட காமன் மோடு வோல்டேஜை அகற்றாது. வைண்டிங் தப்பும், பேரிங் தப்பாது. பேரிங்குக்கு வேறு மருந்து வேண்டும். டிரைவிலிருந்து வெளியேறும் மூன்று ஃபேஸ் வயர்களையும் ஒன்றாக, எர்த் வயரைச் சேர்க்காமல், காமன் மோடு கோர் வளையங்களுக்குள் விடுங்கள். பிறகு மோட்டார் ஷாஃப்டில் கப்ளிங் பக்கம் ஒரு எர்த்திங் ரிங் போடுங்கள். ரிங் தொடும் இடத்தில் துருவோ பெயிண்டோ இருக்கக் கூடாது. பனிப்பகுதி என்பதால் அந்த இடத்துக்கு மின்கடத்தும் வெள்ளிப் பூச்சு கொடுப்பது நல்லது. dv/dt ஃபில்டர்தான் போட்டிருக்கிறோம் என்பதால் சுவிட்சிங்கை 8 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 4-க்கு இறக்கலாம் (ஃபில்டர் லேபிளை ஒருமுறை பார்த்துவிட்டு). தாவல்கள் பாதியாகும்; மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், அவ்வளவுதான்.

டிரைவ் அளவையும் பாருங்கள். 1000 மீட்டருக்கு மேல் 100 மீட்டருக்கு 1 சதவீதம் குறைப்பது வழக்கம். 32 ஆம்பியர் டிரைவ் குன்னூரில் 29 ஆம்பியர்தான்.

படி 5: அளந்து உறுதிசெய்யுங்கள்

சாதாரண மல்டிமீட்டரில் இது எதுவும் தெரியாது. ஆஸிலோஸ்கோப் வேண்டும். மோட்டார் முனையில் உச்சத்தைப் பார்க்கிற டிஃபரன்ஷியல் புரோப் 1000 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். ஷாஃப்ட் வோல்டேஜை ஓடும்போதே மென்மையான கார்பன் பிரஷ் முனையால், மோட்டார் பாடியை எதிர்முனையாக வைத்து எடுங்கள். அலை மெல்ல ஏறி, சட்டென்று செங்குத்தாக விழுந்தால் பொறி இன்னும் பாய்கிறது என்று பொருள். ரிங் சரியாக வேலை செய்தால் அந்த ஏற்றம் சில வோல்ட்டுக்குள் தட்டையாகிவிடும். ரிங் போடுவதற்கு முன்னும் பின்னும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஏற்றம் மறுபடி உயர ஆரம்பித்தால் ரிங்கைத் துடைக்க வேண்டிய நேரம் அது.